செல்பிப் ஸ்பீக்கிங் டாஸ்க் 5: மூன்றாவது படம் வந்த பிறகு என்ன பேசுவது

கனடா குடியேற்றத்துக்காக எழுதும் செல்பிப் தேர்வின் ஸ்பீக்கிங் பகுதியில் எட்டு டாஸ்க் உண்டு. ஐந்தாவது டாஸ்க்கின் தலைப்பு திரையில் Comparing and Persuading என்று வரும். இரண்டு கட்டமாக வருவது இது ஒன்றுதான். மற்ற ஏழையும் சமாளித்துவிடுபவர்கள்கூட இதில் தடுமாறுவதை ஸ்கார்பரோவில் என் வீட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பயிற்சி செய்தவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவர்களுடைய ஆங்கிலம் அப்படியொன்றும் மோசமில்லை. எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்பதில்தான் குழப்பம்.

இந்த ஒரு டாஸ்க்கை மட்டும் எடுத்து, எந்த வரிசையில் செய்தால் அறுபது வினாடிக்குள் அடங்கும் என்று எழுதியிருக்கிறேன்.

1. முதலில் திரை எப்படி நகரும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

முதல் திரையில் ஒரு சின்னச் சூழ்நிலை இருக்கும். வீடு பார்க்கிறீர்கள், அலுவலகத்துக்கு மேசை வாங்குகிறீர்கள், அப்பா அம்மாவுக்குப் பரிசு தேடுகிறீர்கள் என்பதுபோல ஏதாவது. கீழே இரண்டு படங்கள். ஒவ்வொரு படத்தோடும் விலை, அளவு, வசதி என்று மூன்று நான்கு வரித் தகவல்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க 60 வினாடி. இந்தக் கட்டத்தில் பேச வேண்டியதில்லை, மவுஸால் ஒன்றைச் சொடுக்கினால் போதும். நீங்கள் சொடுக்காவிட்டால் கணினியே ஒன்றை உங்கள் தலையில் கட்டிவிடும்.

அப்புறம்தான் விஷயமே ஆரம்பிக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுத்தது திரையில் தங்கும், மற்றொன்று மறைந்துவிடும். அந்த இடத்தில் புதிதாக மூன்றாவது ஒன்று வரும். அது உங்கள் கணவரோ தங்கையோ உடன் வேலை செய்பவரோ விரும்புவது. அவரிடம் பேசி, உங்கள் தேர்வுதான் சரி என்று ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். யோசிக்க 60 வினாடி, பேச 60 வினாடி. யோசிக்கும் நேரம் முடிந்த கையோடு பதிவு தானாகத் தொடங்கிவிடும். தப்பாகப் பேசிவிட்டோம் என்று அழித்துவிட்டுத் திரும்பப் பேச வழியில்லை.

இந்த அமைப்பு மனதில் பதியாதவர்கள் செய்யும் பெரிய தப்பு ஒன்று உண்டு. முதல் திரையில் பார்த்த இரண்டையும் ஒப்பிட்டுப் பேசிவிடுவார்கள். முதல் அறுபது வினாடியில் மூளை அந்த இரண்டிலேயே ஊறிப்போயிருப்பதால் அப்படி ஆகிறது. நீங்கள் ஒதுக்கியதைப் பற்றி இப்போது கேள்வியே இல்லை. உங்கள் தேர்வும் மூன்றாவதும் மட்டும்தான் கணக்கு. ஒதுக்கியதன் பெயர் வாயில் வந்தாலே அந்த வினாடிகள் வீண்.

2. தேர்வு நாளுக்கு முன் கைவசம் இருக்க வேண்டியவை

அதிகம் வேண்டாம். தேர்வு மையத்தில் குறிப்பெழுதத் தாளும் பேனாவும் தருவார்கள். அந்தத் தாளில் என்ன வரைவது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் (அது நான்காம் பகுதியில் வருகிறது).

இன்னொன்று, சத்தம். ஒரே அறையில் பலர் ஒரே சமயத்தில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கணினியோடு பேசிக்கொண்டிருப்பார்கள். பக்கத்து இருக்கைக்காரர் உரக்கப் பேசினால், நம் குரல் தன்னால் இறங்கிவிடும் அல்லது நாமும் கத்த ஆரம்பித்துவிடுவோம். வீட்டில் தொலைக்காட்சியை ஓடவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்து பயிற்சி செய்யுங்கள். அமைதியான அறையில் மட்டும் பழகியவர்கள் அங்கே போய் முதல் பத்து வினாடியைத் தொலைத்துவிட்டு வருவார்கள்.

மதிப்பெண் எதற்கு என்றும் தெரிந்திருக்கட்டும். நான்கு விஷயங்களைப் பார்க்கிறார்கள்: சொன்ன கருத்தும் அதன் கோர்வையும், சொல்வளம், கேட்பதற்கு எளிதாக இருக்கிறதா என்பது, கேட்ட பணியைச் செய்தீர்களா என்பது. நான்காவதுதான் இந்த டாஸ்க்கில் பலரைக் கவிழ்க்கிறது. ஆங்கிலம் நன்றாக இருந்தும் ஒப்பிடாமலோ, அந்த ஆளிடம் பேசாமலோ விட்டால் பணி முடியவில்லை என்றுதான் அர்த்தம்.

3. முதல் அறுபது வினாடி: பிடித்ததை அல்ல, வாதாட எளிதானதை எடுங்கள்

எல்லோரும் தங்களுக்கு எது பிடிக்கும் என்று யோசிக்கிறார்கள். தேர்வு மையத்தில் உங்கள் ரசனையை யாரும் கேட்கவில்லை. எதைப் பற்றி அறுபது வினாடி காரணம் சொல்ல முடியும் என்று மட்டும் பாருங்கள்.

இதில் ஒரு நுணுக்கம். மூன்றாவதாக என்ன வரும் என்று இப்போது தெரியாது. நீங்கள் எடுத்ததற்கு இருக்கும் ஒரே பலம் குறைந்த விலை என்று வைத்துக்கொள்வோம். அடுத்து வருவது அதைவிடக் குறைந்த விலையில் இருந்தால் உங்கள் கையில் ஒன்றுமே மிஞ்சாது. அதனால் வெவ்வேறு வகையில் இரண்டு பலமாவது உள்ளதை எடுங்கள். ஒன்று பணம் சார்ந்தது, மற்றொன்று இடமோ நேரமோ ஆட்களோ சார்ந்தது என்று இருந்தால் நல்லது. ஒன்று போனாலும் மற்றொன்று நிற்கும்.

பயிற்சிக்காக நான் தயாரித்த ஒரு கேள்வியை வைத்துச் செய்துகாட்டுகிறேன். உங்கள் மகனுக்கு எட்டாவது பிறந்தநாள். பதினைந்து குழந்தைகள் வருகிறார்கள். நீங்களும் உங்கள் தங்கையும் இடம் பார்க்கிறீர்கள்.

முதல் படம் பௌலிங் சென்டர். ஒரு குழந்தைக்கு 22 டாலர், பீட்சா உண்டு, இரண்டு மணி நேரம், மொத்தம் பதினாறு பேருக்கு மேல் அனுமதி இல்லை.

இரண்டாவது படம் கம்யூனிட்டி ஹால். மொத்த வாடகை 180 டாலர், நான்கு மணி நேரம், நாற்பது பேர் வரை, சாப்பாட்டை நாமே கொண்டுபோகலாம்.

பௌலிங் என்றதும் பையன் குதிப்பான் என்று பாதிப்பேர் அதைச் சொடுக்குகிறார்கள். அதன் பலங்களை எண்ணுங்கள்: விளையாட்டு, பீட்சா. அவ்வளவுதான். மூன்றாவதாக இன்னும் ஜாலியான இடம் ஒன்று வந்தால் கதை முடிந்தது. ஹாலுக்கு விலை, இடம், நேரம், வெளிச்சாப்பாடு என்று நான்கு முனை இருக்கிறது. பார்க்க மொட்டையாக இருந்தாலும் வாதத்துக்கு அதுதான் வசதி. ஹாலை எடுக்கிறோம்.

இந்த முடிவுக்கு இருபது வினாடி போதும். சொடுக்கிவிட்டு மிச்ச நேரத்தில் ஹாலின் தகவல்களைத் தாளில் எண்களோடு எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது படம் வந்ததும் அதை மட்டும் கவனித்துப் படிக்கலாம்.

4. இரண்டாவது அறுபது வினாடி: மூன்று வரிக் கட்டம்

இப்போது மூன்றாவது படம் வருகிறது. தங்கை சொல்வது வாட்டர் பார்க். ஒரு குழந்தைக்கு 35 டாலர், நாள் முழுவதும் இருக்கலாம், திறந்தவெளி, வெளிச்சாப்பாடு கூடாது, காரில் 45 நிமிடம்.

தாளின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் உங்களுடையது, வலப்பக்கம் அவருடையது. குறுக்கே மூன்று வரி. ஒவ்வொரு வரிக்கும் ஒரே ஒரு அளவுகோல், இரு பக்கமும் அதற்கான பதில். இதில் ஒரு பக்கம் காலியாக இருந்தால் அந்த வரியே செல்லாது.

இந்தக் கட்டுப்பாடு ஏன் என்று கேட்கலாம். நாம் இயல்பாகப் பேசும்போது ‘ஹால் விலை குறைவு, வாட்டர் பார்க் தூரம்’ என்று சொல்லிவிடுவோம். தமிழில் பேச்சோடு பேச்சாக அது ஓடிவிடும். ஆனால் அது ஒப்பீடு ஆகாது. ஒன்றின் விலையையும் மற்றொன்றின் தூரத்தையும் பக்கத்தில் வைத்தால், அந்த விலைக்கு எதிரே என்ன விலை, அந்தத் தூரத்துக்கு எதிரே எவ்வளவு தூரம் என்று கேட்பவருக்குத் தெரியாது. ஒரே தராசில் இரண்டு தட்டிலும் ஒரே சரக்கு ஏற வேண்டும்.

நம் உதாரணத்தில் கட்டம் இப்படி அமையும்.

முதல் வரி செலவு. வலப்பக்கம் 35 பெருக்கல் 15, அதாவது 525 டாலர், சாப்பாடு தனி. இடப்பக்கம் ஹாலுக்கு 180, பீட்சாவுக்கு ஒரு 120, மொத்தம் 300. பீட்சாக் கணக்கை நானாகச் சேர்த்தேன். தங்கை உடனே ‘ஹாலில் சாப்பாடு நாமதானே வாங்கணும்?’ என்று கேட்பாள். கேட்பதற்கு முன் பதில் சொல்லிவிட்டால் வாதம் உறுதியாகும்.

இரண்டாவது வரி, யாரெல்லாம் வரலாம். ஹாலில் நாற்பது பேர் வரை இடம் இருக்கிறது, அதனால் தாத்தா பாட்டியும் வரலாம். வாட்டர் பார்க்கில் அவர்கள் வெயிலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மூன்றாவது வரி, விளையாட்டு. இதில் தங்கை ஜெயிக்கிறாள். அதையும் எழுதுங்கள். தோற்கும் வரி ஒன்று கட்டாயம் வேண்டும், காரணம் ஆறாம் பகுதியில்.

மழை, தூரம் எல்லாம் விட்டுவிட்டேனே என்று பார்க்கிறீர்களா? வேண்டுமென்றேதான் விட்டேன். அறுபது வினாடியில் நிதானமாகப் பேசினால் 120 முதல் 140 ஆங்கிலச் சொற்கள் வரும். அதில் மூன்று விஷயத்துக்குத்தான் இடம். ஐந்து காரணம் எழுதியவர்கள் ஒவ்வொன்றையும் ஒரு வரியில் தொட்டுவிட்டு ஓடுவார்கள், எதற்கும் விளக்கம் இருக்காது.

தாளில் முழு வாக்கியம் எழுதாதீர்கள். எண்ணும் ஒற்றைச் சொல்லும் போதும். வாக்கியம் எழுதினால் அதைப் படிக்க ஆரம்பித்துவிடுவீர்கள், குரல் தட்டையாகிவிடும். அதோடு பாதி எழுதும்போதே நேரமும் போய்விடும்.

5. முதல் எட்டு வினாடி: ஆளிடம் பேசுங்கள், முடிவைச் சொல்லிவிடுங்கள்

திரையில் உள்ளதை விவரிப்பதுபோலத் தொடங்காதீர்கள். என்னிடம் வந்த ஒரு அக்கா, மருத்துவமனையில் வேலை, அன்றாடம் ஆங்கிலத்திலேயே பேசுபவர். முதல் பயிற்சியில் நீச்சல் குளத்தின் நிறம், சறுக்கு மரத்தின் உயரம், ஹாலில் எத்தனை ஜன்னல் என்று 25 வினாடி வர்ணித்தார். படத்தை வர்ணிக்கும் வேலை மூன்றாவது டாஸ்க்குக்கும் எட்டாவது டாஸ்க்குக்கும் உரியது. இங்கே அந்த ஆள் படத்தை ஏற்கெனவே பார்த்தவர், அவர்தான் அதைத் தேர்ந்தெடுத்தவர். அவருக்கே அதை விவரித்தால் எப்படி இருக்கும்?

அழைக்கும் முறையிலும் நம்மவர்களுக்கு ஒரு சறுக்கல் உண்டு. தமிழில் அக்கா, தம்பி, மச்சான் என்று உறவு சொல்லித்தான் கூப்பிடுவோம். அதை அப்படியே கொண்டுபோய் ‘ஹலோ மை சிஸ்டர்’ என்று தொடங்குகிறார்கள். ஆங்கிலத்தில் தங்கையைப் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். ஒரு பெயரை முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. உங்களுக்குச் சரளமாக வாயில் வருகிற பெயராக இருக்கட்டும். மேலதிகாரியிடம் பேசும் கேள்வி என்றால் பெயருக்குப் பின் கொஞ்சம் மரியாதையான தொனிக்கு மாறுங்கள். தங்கையிடம் பேசுவதுபோலவே மேனேஜரிடமும் பேசினால் பணி சரியாக முடியவில்லை என்றே கணக்காகும்.

பெயர் சொல்லி அழைத்ததும் அவருடைய யோசனையைப் பார்த்ததாக ஒரு வரி, உங்கள் முடிவு ஒரு வரி. முடிவைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். நேரம் தீர்ந்து பதிவு நின்றுவிட்டால் எதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்றே தெரியாமல் போகும். அப்படி நின்றுபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

6. நடுப்பகுதி: இரண்டு வெற்றி, ஒரு விட்டுக்கொடுப்பு

எட்டாவது வினாடியிலிருந்து ஐம்பத்திரண்டு வரை இந்தப் பகுதி. முதல் காரணத்துக்குப் பதினெட்டு வினாடி, இரண்டாவதற்குப் பதினைந்து, விட்டுக்கொடுப்புக்குப் பதினொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிகாரம் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். முப்பதாவது வினாடியில் இன்னும் முதல் காரணத்திலேயே நின்றால் உடனே அதை முடித்துவிட்டு நகருங்கள்.

ஒவ்வொரு காரணத்துக்கும் மூன்று அடி. இருவரின் எண்ணையும் சொல்லுங்கள், வித்தியாசத்தைச் சொல்லுங்கள், அந்த வித்தியாசத்தால் நம் குடும்பத்துக்கு என்ன ஆகும் என்று சொல்லுங்கள். மூன்றாவது அடியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 525 டாலரைவிட 300 குறைவு என்பது திரையில் இருப்பதை வைத்து யாரும் போடும் கணக்கு. அந்தப் பணத்தில் என்ன செய்யலாம் என்று சொல்லும்போதுதான் கேட்பவர் மனசு மாறும்.

அடுத்து விட்டுக்கொடுப்பு. தங்கை சொன்னதில் ஒரு நல்லதை ஒப்புக்கொண்டு, அதற்கும் ஒரு வழி சொல்வது. ஒன்றையுமே ஒப்புக்கொள்ளாமல் அவருடையது எல்லாம் மோசம் என்று அடுக்கினால் அது சண்டை. நிஜத்தில் நீங்கள் அப்படிப் பேசினால் தங்கையும் போனை வைத்துவிடுவாள். தோற்கும் வரியை எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

விட்டுக்கொடுத்த இடத்திலேயே நின்றுவிடவும் கூடாது. ‘ஆமாம், வாட்டர் பார்க் ஜாலிதான்’ என்று முடித்தால் நீங்கள் அவர் கட்சி. உங்கள் முதல் காரணத்தில் கிடைத்ததை வைத்து இந்த ஓட்டையை அடைக்க முடிந்தால் மிக நல்லது. நம் உதாரணத்தில் மிச்சமான 225 டாலர் இருக்கிறது. அதில் ஹாலுக்கு ஒரு மேஜிக் நிபுணரை வரவழைக்கலாம் என்றால் விளையாட்டுக் குறையும் தீர்ந்தது, செலவு வாதமும் இன்னொரு முறை வேலை செய்தது.

7. கடைசி எட்டு வினாடி

முடிவுரை என்று தனியாக எதையும் தொகுக்க வேண்டாம். அடுத்து என்ன செய்யலாம் என்று ஒரு கேள்வியோ வேண்டுகோளோ போதும். ‘இன்னிக்கே ஹாலை புக் பண்ணிடட்டுமா?’ என்பதற்கு ஈடாக ஆங்கிலத்தில் ஒன்று. பேச்சு ஒரு ஆளிடம் நடந்தது என்பதை அது உறுதிப்படுத்தும். நாலு வினாடி மிச்சமிருந்தால் பேசாமல் இருந்துவிடுங்கள், சொன்னதையே திரும்பச் சொல்லி நிரப்ப வேண்டாம். பதினைந்து வினாடி மிச்சமிருந்தால்தான் பிரச்சினை. உங்கள் காரணங்களில் மூன்றாவது அடி இல்லை என்று அர்த்தம்.

8. முழுப் பதில், கோர்வையாக

கீழே உள்ளதை வேண்டுமென்றே தமிழில் தருகிறேன். ஆங்கிலத்தில் தந்தால் மனப்பாடம் செய்துகொண்டு போய், மேசை வாங்கும் கேள்விக்கும் பிறந்தநாள் ஹாலைப் பற்றிப் பேசிவிட்டு வருவார்கள். கோர்வையை மட்டும் பிடித்துக்கொண்டு உங்கள் ஆங்கிலத்தில் சொல்லிப்பாருங்கள்.

“பிரியா, நீ சொன்ன வாட்டர் பார்க்கைப் பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு. ஆனா பிறந்தநாளுக்கு ஹால்தான் நமக்குச் சரிவரும்னு நினைக்கிறேன். முதல்ல செலவைப் பாரு. பதினைந்து குழந்தைங்களுக்கு டிக்கெட் மட்டுமே 525 டாலர், சாப்பாடு தனி. ஹாலுக்கு 180தான். எல்லாருக்கும் பீட்சா வாங்கினாலும் 300ஐத் தாண்டாது. இருநூறு டாலருக்கு மேல மிச்சம். அப்புறம், அப்பா அம்மாவை யோசிச்சுப் பாரு. வாட்டர் பார்க்ல நாள் முழுக்க வெயில்ல உட்கார அவங்களால முடியாது. ஹால்ல நாற்பது பேருக்கு இடம் இருக்கு, அவங்களும் கேக் வெட்டும்போது பக்கத்துல நிக்கலாம். தண்ணில விளையாடறது குழந்தைங்களுக்குப் பிடிக்கும், அதை நான் ஒத்துக்கறேன். ஆனா மிச்சமாற காசுல ஒரு மேஜிக் ஷோ வச்சா அவங்களுக்குப் போரடிக்காது. இன்னிக்குச் சாயங்காலமே ஹாலுக்குப் போன் பண்ணட்டுமா?”

பௌலிங் சென்டர் எங்கேயாவது வந்ததா? வரவில்லை. மழை, தூரம் வரவில்லை. அப்படியும் இதை ஆங்கிலத்தில் சொன்னால் கிட்டத்தட்ட முழு நிமிடமும் நிறைந்துவிடும்.

9. ஒப்பிடும் ஆங்கிலத்தில் தமிழ் செய்யும் குறும்பு

இது இலக்கண வகுப்பு இல்லை. ஆனால் இந்த டாஸ்க்கில் திரும்பத் திரும்ப வரும் தப்புகள் நான்கைந்துதான், அவை தமிழிலிருந்தே வருகின்றன.

தமிழில் ஒப்பிடும்போது பெயரடை மாறாது. ‘இது பெரியது’, ‘இது அதைவிடப் பெரியது’ என்று ‘விட’ வந்து வேலையை முடித்துவிடும். ஆங்கிலத்தில் சொல்லே மாற வேண்டும், அல்லது முன்னால் ‘மோர்’ வர வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று நாம் இரண்டையும் போடுகிறோம்: ‘மோர் சீப்பர்’, ‘மோர் பெட்டர்’. ஒன்றுதான் வேண்டும். வித்தியாசம் பெரியது என்று அழுத்த விரும்பினால் ‘மச் சீப்பர்’ என்று சொல்லுங்கள். அங்கே ‘மச்’ தாராளமாக வரலாம்.

விலை விஷயம் இன்னொன்று. ‘விலை மலிவு’ என்று நாம் சொல்வதால் ‘தி ப்ரைஸ் இஸ் சீப்’ என்று வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் பொருள்தான் சீப், விலை என்றால் ‘லோ’ அல்லது ‘லோயர்’.

‘ஒப்பிடும்போது’ என்பதை நினைத்துக்கொண்டு ‘வென் கம்பேர் டு’ என்கிறார்கள். ‘கம்பேர்ட் டு’ என்று சொன்னால் முடிந்தது, முன்னால் ‘வென்’ தேவையில்லை. அதையும் ஒரே ஒரு முறை பயன்படுத்தினால் போதும். ஒவ்வொரு வாக்கியமும் அதிலேயே தொடங்கினால் சொல்வளத்தில் அடி விழும். மாற்றாக ‘வைல்’ அல்லது ‘வேராஸ்’ போட்டு இரண்டு பக்கத்தையும் ஒரே வாக்கியத்தில் கட்டலாம்: வாட்டர் பார்க்குக்கு இவ்வளவு, ஹாலுக்கோ இவ்வளவுதான் என்று நாம் ‘ஓ’ போட்டுச் சொல்வது அதுதான்.

10. பயிற்சிக்குக் காசு கொடுத்துக் கேள்வி வாங்க வேண்டாம்

வாராவாரம் சூப்பர்மார்க்கெட் விளம்பரத் தாள் வீட்டுக்கு வருகிறதே, அதை எடுங்கள். அல்லது வாடகை வீட்டு விளம்பரங்கள். ஒரே வகையில் இரண்டைக் கத்தரித்து வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மூன்றாவதை நீங்கள் எடுக்கக் கூடாது. வீட்டில் யாரிடமாவது சொல்லி எடுக்க வையுங்கள், உங்கள் தேர்வைத் தோற்கடிக்கிற மாதிரி ஒன்றாகப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் இதை வெகு ஆர்வமாகச் செய்வார்கள்.

போனில் கடிகாரம் வைத்துப் பதிவு செய்யுங்கள். ஆறு முறை செய்தால் ஒரு மாலை போகும். பதிவைக் கேட்கும்போது உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படாமல் மூன்றை மட்டும் எண்ணுங்கள். அந்த ஆளின் பெயரோ ‘நீ’ என்பதோ எத்தனை முறை வந்தது? ஒரே அளவுகோலில் இரண்டு பக்கமும் வந்த இடங்கள் எத்தனை? ஒதுக்கிய படம் எத்தனை முறை வாயில் வந்தது? முதல் இரண்டும் பூஜ்யமாக இருந்தால் நீங்கள் செய்தது வர்ணனை. மூன்றாவது பூஜ்யமாகும்வரை அடுத்தடுத்த விளம்பரத் தாளை எடுத்துப் பயிற்சி செய்யுங்கள்.